யாருக்கு எவ்வளவு? வாடகைப் பங்கீட்டுத் தாளைச் சரிபார்க்கும் முறை

சென்னையில் பெருங்குடி, வேளச்சேரி, சோழிங்கநல்லூர்ப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுப்பது வழக்கம். வீட்டுக்காரருக்கு ஒருவர் மொத்தமாகப் பணம் அனுப்புவார், மற்றவர்கள் தங்கள் பங்கை அவருக்குத் தருவார்கள். இதற்கென்று ஒரு எக்செல் தாளோ கூகுள் ஷீட்டோ இருக்கும். குடிவந்த வாரத்தில் யாரோ ஒருவர் போட்டுக் கொடுத்த தாள் அது. பிறகு மாதா மாதம் அதிலேயே எண்களை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அந்தத் தாளின் கடைசி வரியில் வரும் தொகையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது எப்படி வந்தது என்று பார்ப்பவர் குறைவு.

அப்படிப்பட்ட ஒரு தாளைச் சரிபார்க்க உட்காருபவர் முதலில் கவனிக்க வேண்டியது கூட்டல் கழித்தல் அல்ல. ஒவ்வொரு செலவும் எதனால் வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். வாடகையைச் சதுர அடியால் வகுக்கலாம், இன்டர்நெட்டை ஆள் கணக்கால் வகுக்கலாம், சமையல்காரர் சம்பளத்தைச் சாப்பிடுகிறவர் எண்ணிக்கையால் வகுக்கலாம். ஒரு வரியின் வகுஎண் இன்னொரு வரிக்குப் பொருந்தாது. தாள்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு வரிக்குரிய வகுஎண்ணை அடுத்த வரியிலும் போட்டுவிடுவதால் வருகின்றன.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று படுக்கையறை ஃபிளாட், சுவருக்குச் சுவர் அளந்தால் 900 சதுர அடி. வாடகை 36,000 ரூபாய். பெரிய அறை 200 சதுர அடி, அதனோடு ஒட்டிய பாத்ரூம் 40. நடு அறை 140, சின்ன அறை 110. மீதியெல்லாம் ஹால், சமையலறை, பொது பாத்ரூம், நடை. பெரிய அறையில் இருவர், மற்ற இரண்டிலும் ஆளுக்கு ஒருவர் என மொத்தம் நான்கு பேர்.

பலரும் செய்வது மூன்று அறைகளின் அளவை மட்டும் கூட்டி, முழு வாடகையையும் அந்த விகிதத்தில் பிரிப்பது. 200, 140, 110 கூட்டினால் 450. 36,000-ஐ 450-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 80 ரூபாய். பெரிய அறைக்கு 16,000, நடு அறைக்கு 11,200, சின்ன அறைக்கு 8,800. கூட்டிப் பார்த்தால் சரியாக 36,000 வருகிறது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. ஆனால் பெரிய அறையில் இருக்கும் இருவரும் ஆளுக்கு 8,000 கொடுக்க, நடு அறைக்காரர் ஒருவரே 11,200 கொடுக்கிறார். ஹாலும் சமையலறையும் வீட்டின் பாதியளவு இடம். அந்த இடத்தை நான்கு பேரும் ஒரே மாதிரிதான் புழங்குகிறார்கள். இந்தக் கணக்கோ அதன் வாடகையையும் படுக்கையறையின் அளவை வைத்தே பிரித்துவிடுகிறது. இரண்டு பேர் தங்கும் அறை ஒரே ஆளாகக் கணக்கில் ஏறிவிடுவதும் இதனால்தான்.

வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். 36,000-ஐ மொத்த 900 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 40 ரூபாய். ஒருவர் தனக்கென்று பூட்டிக்கொள்ளும் இடத்துக்கு அந்த அறைக்காரர் 40 ரூபாய் வீதம் கொடுக்கட்டும். பொது இடத்தின் வாடகையை நான்காகப் பிரிக்கலாம். ஒட்டிய பாத்ரூமைப் பெரிய அறைக்காரர்கள் மட்டுமே புழங்குவதால் அதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படி எடுத்தால் பெரிய அறை 240, நடு அறை 140, சின்ன அறை 110, ஆகத் தனி இடம் 490 சதுர அடி, பொது இடம் 410. பொது இடத்தின் வாடகை 16,400, தலைக்கு 4,100. பெரிய அறைக்கு 9,600-உம் இரண்டு தலைக்கு 8,200-உம் சேர்ந்து 17,800, அதாவது ஆளுக்கு 8,900. நடு அறைக்கு 5,600-உம் 4,100-உம் சேர்ந்து 9,700. சின்ன அறைக்கு 4,400-உம் 4,100-உம் சேர்ந்து 8,500. இதன் கூட்டலும் 36,000-தான்.

இரண்டு தாள்களும் மொத்தத்தில் ஒத்துப்போகின்றன, ஆனால் நடு அறைக்காரருக்கு மாதம் 1,500 ரூபாய் வித்தியாசம். மொத்தம் சரியாக வருவது பணம் எங்கும் விடுபடவில்லை என்பதை மட்டுமே காட்டும். பங்கு சரியா என்று அது சொல்லாது. சரிபார்ப்பவர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

அளவு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சதுர அடி பெரும்பாலும் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் பங்கு எல்லாம் சேர்ந்தது. அந்த எண்ணை 900 இருக்க வேண்டிய இடத்தில் போட்டால் சதுர அடிக்கான வீதம் இறங்கி, மொத்தத்தில் வாடகையின் ஒரு பகுதி யார் தலையிலும் விழாமல் நிற்கும். நீளம் அகலத்தை டேப் வைத்து அளந்த எண்தான் வேண்டும், எல்லா அறைக்கும் ஒரே மாதிரி. ஒரு அறையில் பீரோ நிற்கும் இடத்தைச் சேர்த்துவிட்டு இன்னொன்றில் சுவரோடு பதித்த அலமாரியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். ஓர் அறைக்கு மட்டும் பால்கனி இருந்தால் அதைச் சேர்ப்பதா, பாதியாகச் சேர்ப்பதா என்பதை முன்பே பேசி, தாளில் ஒரு வரியாக எழுதிவைத்துவிட வேண்டும்.

சதுர அடியே நியாயமான அளவுகோலா என்ற கேள்வியும் இருக்கிறது. காற்றோட்டமான சின்ன அறையை விரும்புகிறவரும் உண்டு, மேற்கு வெயில் அடிக்கும் பெரிய அறையை வேண்டாம் என்பவரும் உண்டு. இதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பிரான்சிஸ் சூ 1999-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அறைகளுக்கு வெவ்வேறு விலை வைத்து, ‘இந்த விலைக்கு எந்த அறை வேண்டும்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு, விலையை நகர்த்திக்கொண்டே போனால், ஆளுக்கு ஓர் அறையாகப் பொருந்தி யாரும் பிறர் அறைக்கு ஏங்காத ஒரு விலைப் பட்டியல் சில எளிய நிபந்தனைகளின் கீழ் கட்டாயம் கிடைக்கும் என்று அவர் காட்டினார். குடிவரும்போது அப்படிச் செய்வது நல்ல வழிதான். ஆனால் நால்வரும் சதுர அடி என்று ஒப்புக்கொண்டு குடியேறிய பின், தாளைச் சரிபார்ப்பவர் அந்த முடிவைத் திரும்பக் கிளற வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டதைத் தாள் செய்கிறதா என்பதே அவர் வேலை.

அடுத்து, அந்தத் தாளின் உள்ளே இருக்கும் சூத்திரங்கள். பிழை தெரியாமல் ஒளிந்திருப்பது இங்கேதான். B2 முதல் B4 வரை 240, 140, 110 என்று தனி இடங்களின் அளவு இருக்கிறது. B5-இல் அவற்றின் மொத்தம் 490, B6-இல் பொது இடம் 410, B7-இல் வீடு முழுதும் 900. தனி இடத்தின் வாடகையான 19,600-ஐப் பிரிக்க, முதல் அறைக்கு எதிரே ஒருவர் இப்படி எழுதுகிறார்:

```
=19600*B2/B5
```

9,600 என்று சரியான விடை வருகிறது. உடனே அதைக் கீழே இழுத்து மற்ற இரண்டு அறைகளுக்கும் நிரப்புகிறார். இழுக்கும்போது B2 என்பது B3 ஆவது போலவே B5 என்பதும் B6 ஆகிவிடுகிறது. நடு அறை 490-க்குப் பதில் 410-ஆல் வகுபடுகிறது, சின்ன அறை 900-ஆல் வகுபடுகிறது. நடு அறைக்கு 5,600 வர வேண்டிய இடத்தில் 6,693 வரும், சின்ன அறைக்கு 4,400 வர வேண்டிய இடத்தில் 2,396 வரும். B6 காலியாக இருந்திருந்தால் பிழைச் செய்தி வந்து காட்டிக்கொடுத்திருக்கும். அங்கே ஓர் எண் இருந்ததால் தாள் எந்தச் சத்தமும் இல்லாமல் தவறாகக் கணக்குப் போடுகிறது. பெரிய அறை பெரிய தொகை, சின்ன அறை சின்னத் தொகை என்று வரிசையும் இயல்பாக இருப்பதால் பார்வைக்கும் தப்பிவிடும். மூன்றையும் கூட்டினால் மட்டும் சுமார் 18,688 என்று வந்து, ஏறக்குறைய 912 ரூபாய் குறைவது தெரியும். அந்தத் தொகையை வீட்டுக்காரருக்கு மொத்தமாக அனுப்புகிறவர் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டிருப்பார்.

வகுஎண் கட்டத்தின் வரிசை எண்ணுக்கு முன் ஒரு டாலர் குறி போட்டால் அது நகராது. அதன் கீழே ஒரு சோதனைக் கட்டமும் இருக்க வேண்டும்:

```
=19600*B2/B$5
=ROUND(SUM(C2:C4)-19600,0)
```

இரண்டாவது வரி எப்போதும் பூஜ்யம் காட்ட வேண்டும். வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட் பில் என ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கட்டம் வேண்டும். மாத மொத்தத்துக்கு மட்டும் ஒன்று வைத்தால் ஒரு செலவில் கூடியது இன்னொன்றில் குறைந்து மறைந்துவிடக்கூடும்.

விகிதம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இன்னொரு சோதனையும் உண்டு. தாளின் நகல் ஒன்றில் மூன்று அறைகளுக்கும் 100 என்று ஒரே அளவைப் போட வேண்டும். அறைகளின் தொகை மூன்றும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கட்டத்தில் சூத்திரத்தை அழித்துவிட்டு எண்ணைக் கையால் தட்டியிருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் யாரோ ஒருவருக்காகச் செய்த சலுகை அப்படியே தங்கிப்போயிருப்பது இதில்தான் வெளிவரும்.

மெயின்டனன்ஸ், இன்டர்நெட் இரண்டிலும் வம்பில்லை. இந்த வீட்டில் மெயின்டனன்ஸ் 3,200, தலைக்கு 800. இன்டர்நெட் 800 ரூபாய்த் திட்டம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 944, தலைக்கு 236. ஒருவர் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தாலும் இவை குறைவதில்லை, ஆகையால் நாள் கணக்கு பார்க்கத் தேவையில்லை. மெயின்டனன்ஸை வாடகையோடு சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டாமல் தனி நெடுவரிசையில் வைப்பது நல்லது. பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கேட்பவர் தான் கொடுத்த வாடகைப் பங்கைத்தான் காட்ட வேண்டும். பங்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவைப்படும். இந்த வீட்டில் நால்வருமே அந்த வரம்பைத் தாண்டுகிறார்கள்.

சமையல் அக்காவின் சம்பளம் 6,000. சின்ன அறைக்காரர் ஆபீஸ் கேன்டீனிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார், எனவே இதற்கு வகுஎண் மூன்று. மேலே இருக்கும் வரியிலிருந்து சூத்திரத்தை நகலெடுத்தால் அது நான்கால் வகுத்து, மூன்று பேருக்கும் 1,500 போட்டு, 4,500-ஓடு நின்றுவிடும். மீதி 1,500 யார் பெயரிலும் ஏறாது. சோதனைக் கட்டம் இருந்தால் இது உடனே தெரிந்துவிடும்.

கரண்ட் பில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மாதத் தாளில் பில் வரும் மாதத்தில் மட்டும் மொத்தமாக ஏறினால், நடுவில் மாறியவர்களின் கணக்கு குழம்பும். ஒருவர் காலி செய்யும் நாளன்று மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டால் அதுவரை ஓடிய யூனிட் அவர் காலத்தது என்று ஆகிவிடும்.

இந்த வீட்டில் இரண்டு அறைகளில் ஏசி இருக்கிறது, சின்ன அறையில் இல்லை. இரண்டு மாதத்தில் மொத்தம் 600 யூனிட், பில் 3,000 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம். நான்கால் வகுத்தால் தலைக்கு 750. ஏசிகளுக்குத் தனியாகச் சின்ன சப் மீட்டர் வைத்திருந்தால் கதை வேறு. பெரிய அறை ஏசி 180 யூனிட், நடு அறை ஏசி 120, மற்ற 300 யூனிட் எல்லோருக்கும் பொது. யூனிட்டுக்குச் சராசரி 5 ரூபாய் என்பதால் பெரிய அறை ஏசிக்கு 900, நடு அறை ஏசிக்கு 600, பொதுப் பங்கு 1,500-இல் தலைக்கு 375. பெரிய அறைக்காரர்கள் ஆளுக்கு 825, நடு அறைக்காரர் 975, சின்ன அறைக்காரர் 375. தலைக்கணக்கில் அவர் இதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதிலும் ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. மின் கட்டணம் எல்லா யூனிட்டுக்கும் ஒரே வீதம் அல்ல. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக வீதம் ஏறுகிறது. ஏசி இல்லாமல் 300 யூனிட் மட்டும் ஓடியிருந்தால் பில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே முடிந்திருக்கும். எனவே தன் பொதுப் பங்கு 375 கூட அதிகம், மேல்படியில் ஏறிய விலை முழுதும் ஏசிக்காரர்களுடையது என்று சின்ன அறைக்காரர் வாதாடலாம். இலவச யூனிட் வீட்டுக்குக் கிடைத்தது, ஆளுக்கல்ல, அது எல்லா யூனிட் மேலும் பரவ வேண்டும் என்று ஏசிக்காரர்கள் பதில் சொல்லலாம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சராசரி வீதம் புரிய எளிது, சண்டையும் குறைவு. எதைத் தேர்ந்தார்கள் என்பது தாளிலேயே எழுதியிருக்க வேண்டும், கோடைக்காலப் பில் வந்த பிறகு பேச உட்காருவது வீண்.

எல்லாப் பங்கும் போட்ட பின், யார் யாருக்குத் தர வேண்டும் என்ற கணக்கு வருகிறது. கரண்ட் பில் வராத ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டால் மொத்தச் செலவு 46,144. பெரிய அறைக்காரர்கள் ஆளுக்கு 11,936, நடு அறைக்காரர் 12,736, சின்ன அறைக்காரர் 9,536 கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கையிலிருந்து போட்டதோ வேறு மாதிரி. வாடகையும் இன்டர்நெட்டும் நடு அறைக்காரர் கட்டினார், அது 36,944. சமையல் சம்பளம் பெரிய அறையில் ஒருவர், மெயின்டனன்ஸ் சின்ன அறைக்காரர். போட்டதிலிருந்து கடமையைக் கழித்தால் நடு அறைக்காரருக்கு 24,208 வர வேண்டும். பெரிய அறையில் ஒருவர் 5,936, இன்னொருவர் 11,936, சின்ன அறைக்காரர் 6,336 தர வேண்டும். தர வேண்டியது மூன்றையும் கூட்டினால் வர வேண்டிய 24,208-உடன் காசு பிசகாமல் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால், கட்டிய ஒரு பில் செலவுப் பக்கத்தில் ஏறாமல் இருக்கும், அல்லது இரண்டு பேர் பெயரில் ஏறியிருக்கும்.

அட்வான்ஸ் இந்த மாதத் தாளில் இருக்கவே கூடாது. அது செலவு அல்ல, வீட்டுக்காரரிடம் நிற்கும் பணம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. இந்த வீட்டில் மூன்று மாதம், அதாவது 1,08,000. வாடகை விகிதத்திலேயே பிரித்தால் பெரிய அறைக்காரர்கள் ஆளுக்கு 26,700, நடு அறைக்காரர் 29,100, சின்ன அறைக்காரர் 25,500. வாடகையை விகிதப்படி கொடுத்துவிட்டு அட்வான்ஸை மட்டும் ஆளுக்கு 27,000 என்று சமமாகப் போட்டிருந்தாலும் தவறில்லை. திரும்பும்போதும் பிடித்தம் வரும்போதும் அதே சமபங்குதான் என்று தெளிவாக இருந்தால் போதும். புரோக்கர் கமிஷனை அட்வான்ஸ் நெடுவரிசையில் சேர்ப்பதுதான் பெரிய தவறு. கமிஷன் திரும்பி வராத பணம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வைத்தால், காலி செய்யும் நாளில் தாள் சொல்லும் தொகையை வீட்டுக்காரர் தரமாட்டார்.

ஆள் மாறும்போது இந்தக் கணக்கு சோதனைக்கு வருகிறது. ஒரு வருடம் கழித்து வாடகை 5 சதவீதம் ஏறி 37,800 ஆகிறது. சின்ன அறைக்காரர் கிளம்ப, அந்த இடத்துக்குப் புதியவர் வருகிறார். புதிய வாடகைப்படி அந்த அறைக்கு 8,925. அதை மூன்றால் பெருக்கி 26,775 அட்வான்ஸ் என்று புதியவர் பெயரில் எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்காரரோ கூடுதல் அட்வான்ஸ் கேட்கவில்லை, அவரிடம் இருப்பது அதே 1,08,000. தாளில் நான்கு பேர் பங்கைக் கூட்டினால் 1,09,275 வரும். அந்த 1,275 யாரிடமும் இல்லாத பணம். புதியவர் கிளம்புகிறவருக்குக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரிடம் உண்மையில் நிற்கும் பங்கான 25,500 மட்டுமே. அட்வான்ஸ் பங்குகளின் கூட்டல் எந்த நாளிலும் வீட்டுக்காரரிடம் உள்ள தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். சரிபார்ப்பவர் இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பெயிண்டிங் பிடித்தம் இன்னொரு சிக்கல். வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று வீட்டுக்காரர் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். அது 18,000 என்று பேசியிருந்தால், வாடகை விகிதத்தில் சின்ன அறையின் பங்கு 4,250. முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு முதல் வருடமே போனவர் இதில் எதையும் ஏற்கவில்லை, கடைசி வரை இருந்தவர் தலையில் அவர் காலத்துச் சுவரழுக்கும் சேர்ந்து விழுகிறது. எனவே ஆள் மாறும் நாளிலேயே, போகிறவர் இருந்த மாதங்களுக்கு ஏற்ப ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதும், கழித்த தொகையைப் புதியவர் பெயரில் குறித்துவைப்பதும் முறை. பொதுவான தேய்மானத்துக்கு மட்டுமே இந்த விகிதம். பெரிய அறை பாத்ரூமில் வாஷ்பேசின் உடைந்ததற்கு வீட்டுக்காரர் கழிக்கும் பணம் அந்த அறைக்காரர்களின் பங்கிலிருந்து மட்டும் போக வேண்டும், அதைத் தனி வரியில் காட்ட வேண்டும்.